ஏறும் மலையும் வலம்வரும் மலையும்

பழனிக்குச் செல்லும் அடியவன் மலையின்மேல் ஏறுகின்றான். திருவண்ணாமலைக்குச் செல்லும் அடியவன் மலையைச் சுற்றி வருகின்றான். இரண்டும் தமிழ்நாட்டு மலைகளே. இரண்டும் தெய்வம் உறையும் இடங்களே. அவ்வாறிருக்க, ஒன்றன் உச்சியை அடைவது வழிபாடாகவும், மற்றொன்றின் உச்சியை நாடாது அடிவாரத்தைச் சூழ நடப்பது வழிபாடாகவும் அமைந்தமைக்குக் காரணம் யாது? அண்ணாமலை பழனியினும் உயர்ந்தது, ஏறுதற்கு அரியது என்று கூறி இவ்வினாவை முடித்துவிட இயலாது. அண்ணாமலையினும் பன்மடங்கு உயர்ந்த சிவனொளிபாதமலையில் முதியோரும் சிறாரும் ஆண்டுதோறும் ஏறுகின்றனர். ஆகவே வேறுபாடு மலையின் உயரத்தில் இல்லை. மலையைப் பற்றி அடியவர் கொண்ட கருத்திலேயே உளது. அக்கருத்து இருவகைப்படும். மலை தெய்வத்தின் இருப்பிடம் என்பது ஒன்று. மலையே தெய்வத்தின் திருமேனி என்பது மற்றொன்று. இருப்பிடமாயின் அதனுட் புகுந்து தலைவனைக் காணலாம். திருமேனியாயின் அதன்மீது காலை வைத்தல் எங்ஙனம் கூடும்? இவ்விரு கருத்துக்களையும் மனத்திற் கொண்டு நோக்கின், மலைவழிபாட்டு முறைகள் பலவும் தெளிவாக விளங்கும்.

மலையும் கோயிலும்

மலையைத் தெய்வத்தின் இருப்பிடமாகக் கொள்ளும் வழக்கம் தமிழரிடத்து மிகப் பழையது. தொல்காப்பியம் நானிலத்துக்கும் தெய்வம் வகுக்குமிடத்து மலைநிலத்தைச் சேயோனுக்கு உரியதாகக் கூறுகின்றது. குன்றுதோறும் முருகன் உறைகின்றான் என்னும் நம்பிக்கைக்கு அதுவே மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும். வடமொழிப் புராணங்களோ உலகின் நடுவே மேருவையும், வடக்கே சிவபெருமான் வீற்றிருக்கும் கயிலாயத்தையும் வைத்துப் பேசுகின்றன.

இக்கருத்து மலைகளோடு நின்றுவிடவில்லை. சமவெளியிற் கட்டப்பட்ட கோயில்களின் அமைப்பிலும் புகுந்தது. விமானத்தின் முடிப்பகுதி சிகரம் எனப்படுகின்றது. சிகரம் என்பது மலையுச்சியின் பெயரன்றோ? அச்சிகரத்தின் கீழே ஒளி குறைந்து சிறிதாய் அமைந்த கருவறை, மலையின் வயிற்றிலுள்ள குகையை ஒத்தது. முதலாம் இராசராசன் எழுப்பி 1010 ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயில், ஏறத்தாழ 200 அடி உயர்ந்த விமானத்தை உடையது. அது தட்சிணமேரு, அதாவது தென்திசை மேரு, என்று பெயர் பெற்றது. காஞ்சியிலும் எல்லோராவிலும் உள்ள கோயில்கள் கைலாசநாதர் கோயில்கள் என்றே வழங்குகின்றன. எல்லோராக் கோயிலோ கல்லைக் கொணர்ந்து அடுக்கிக் கட்டியதன்று. மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தது. இவ்வாறு கோயில் என்பது மனிதன் தன் ஊரில் அமைத்துக்கொண்ட மலையாயிற்று.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். கோயிலுக்குச் செல்லும் ஒருவன் இருவகைச் செயல்களைச் செய்கின்றான். ஒன்று, வாயில்களைக் கடந்து உள்ளே சென்று மூர்த்தியைக் காண்டல். மற்றொன்று, வீதியிலும் பிராகாரத்திலும் அம்மூர்த்தியை வலமாகச் சூழ்ந்து வருதல். உட்சேறலும் சூழ்தலுமாகிய இவ்விரண்டுமே மலைவழிபாட்டில் ஏறுதலும் வலம்வருதலுமாகத் தோன்றுகின்றன. எந்த மலையில் எது முதன்மை பெறும் என்பதே இனி ஆராயத்தக்கது.

ஏறும் மலை

ஏறும் மலைக்குப் பழனியே தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 450 அடி உயரமுள்ள அக்குன்றின் உச்சியில் தண்டாயுதபாணியின் கோயில் உளது. அதனை அடைதற்கு 693 படிகள் உள. வழியிலே இடும்பன் சந்நிதி ஒன்றுண்டு. ஏறுவோர் அங்கே நின்று வணங்கியே மேற்செல்வர். இடும்பனுடைய வரலாறே ஏறுதலின் பொருளை விளக்குகின்றது.

அகத்திய முனிவர் வடக்கிலிருந்து சிவகிரி, சத்திகிரி என்னும் இரண்டு குன்றுகளைத் தென்னாட்டுக்குக் கொணருமாறு இடும்பனைப் பணித்தார். அவன் பாம்புகளைக் கயிறாகக் கொண்டு, இரு குன்றுகளையும் ஒரு தண்டின் இருபுறமும் கட்டித் தோளிற் சுமந்து வந்தான். பழனியில் இளைப்பாறக் கீழே இறக்கியவன் மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. மேலே கோலுடன் நின்ற சிறுவனைக் கண்டு சினந்து போரிட்டு உயிர் துறந்தான். பின்னர் அச்சிறுவனாகிய முருகனின் அருளால் உயிர் பெற்றான். தன்னைப் போலக் காவடி சுமந்து வருவார்க்கு அருள் செய்தல் வேண்டும் என்றும், தான் அம்மலையின் காவலனாக நிற்றல் வேண்டும் என்றும் அவன் வரம் வேண்டிப் பெற்றான் என்பது தலவரலாறு.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. காவடி என்பது இடும்பன் சுமந்த இரு குன்றுகளின் அடையாளம். எனவே பழனியிற் காவடி எடுப்பவன் ஒரு மலையைத் தோளிற் சுமந்துகொண்டு மற்றொரு மலையில் ஏறுகின்றான். இடும்பன் தன் வலிமையை நம்பிச் சுமந்தபோது குன்று அசையவில்லை. வணங்கிய பின்னரே அவன் அம்மலையில் நிலைத்த இடம் பெற்றான். ஏறுவோர் முதலில் இடும்பனை வணங்குதலின் கருத்தும் அதுவே. படி ஏறும்போது மூச்சு வாங்குகின்றது, முழங்கால் தளர்கின்றது, தோள் வலிக்கின்றது. தன் வலிமையின் எல்லையை உடம்பே ஒவ்வொருவனுக்கும் அறிவித்துவிடுகின்றது. உச்சியை அடைந்தவன் வென்றவனாக அன்றித் தளர்ந்தவனாகவே தெய்வத்தின் முன் நிற்கின்றான். ஏறுதல் வழிபாடாதல் இங்ஙனமே.

சிவனொளிபாதமலையிலும் இதே கருத்தைக் காணலாம். 7,359 அடி உயர்ந்த அம்மலையின் உச்சியில் உள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானின் திருவடி என்பர். பௌத்தர் புத்தரின் அடி என்பர். இசுலாமியர் ஆதாமின் அடி என்பர். மார்கழிப் போயா தொடங்கி வைகாசி வரையும் மக்கள் இரவிலே ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைவர். எத்தனை முறை ஏறினரோ அத்தனை முறை உச்சியிலுள்ள மணியை அடிப்பது வழக்கம். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா இம்மலையில் ஏறியதைத் தம் நூலில் எழுதியுள்ளார். செங்குத்தான பாறையிற் பற்றி ஏறுதற்குப் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தன என்றும், பத்தாவது சங்கிலியை அடைந்தவன் கீழே நோக்கி அஞ்சித் தன் சமயத்தின் உறுதிமொழியை ஓதுவானாதலால் அச்சங்கிலி அதன் பெயராலேயே வழங்கிற்று என்றும் அவர் கூறுவர். சமயங்கள் வேறாயினும் ஏறுவோரின் நிலை ஒன்றே. இம்மலையின் உச்சியில் இருப்பது தெய்வத்தின் முகமன்று, அடி. மிக உயர்ந்த இடத்தை அடைந்தவனும் அங்கே ஓர் அடிக்கீழ்த் தலையைத் தாழ்த்துகின்றான். ஏறுதல் செருக்காக மாறாமல் தடுப்பதற்கு இதனினும் சிறந்த அமைப்பு வேறில்லை.

பழனிக்கு வழங்கும் மற்றொரு கதை வலம்வருதலின் பொருளையும் உணர்த்துகின்றது. கனியைப் பெறும்பொருட்டு முருகன் மயிலேறி உலகைச் சுற்றச் சென்றான். விநாயகனோ தாய் தந்தையரை ஒரு முறை வலம்வந்து, உலகெல்லாம் அவருள் அடங்கும் என்று கூறிக் கனியைப் பெற்றான். அதனாற் சினந்த முருகன் வந்து நின்ற குன்றே பழனி. சூழப்படும் பொருளே உலகின் நடு என்பதும், அதனை ஒருமுறை சூழ்ந்தவன் உலகைச் சூழ்ந்தவனாவான் என்பதும் இக்கதையின் உட்பொருள். பழனியில் ஏறுமுன் பலர் கிரிவீதியில் மலையை வலம்வருதலும் உண்டு. எனினும் அங்கே வலம்வருதல் ஏறுதற்கு முன்னுரையே. வலம்வருதலே முழு வழிபாடாக நிற்கும் இடம் அண்ணாமலை.

அண்ண முடியாத மலை

அண்ணுதல் என்பது நெருங்குதல் என்று பொருள்படும். நெருங்குதற்கு இயலாத மலை அண்ணாமலை என்பர். இப்பெயருக்கு உரிய வரலாற்றைச் சைவர் யாவரும் அறிவர். தம்முள் யார் பெரியர் என மாறுபட்ட பிரமனும் திருமாலும் ஒளிப்பிழம்பாய் நின்ற சிவபெருமானின் முடியையும் அடியையும் தேடிச் சென்றனர். அன்னமாய்ப் பறந்த பிரமன் முடியைக் காணவில்லை. பன்றியாய் நிலத்தை அகழ்ந்த திருமால் அடியைக் காணவில்லை. அவ்வொளிப் பிழம்பே குளிர்ந்து மலையாயிற்று. முதல் யுகத்தில் நெருப்பாகவும், இரண்டாவதில் மாணிக்கமாகவும், மூன்றாவதிற் பொன்னாகவும், இக்கலியுகத்திற் கல்லாகவும் அது நிற்கின்றது என்பது தலபுராணக் கூற்று.

இக்கதையை வலம்வருதலோடு இணைத்து நோக்குதல் வேண்டும். பிரமன் செய்தது மேலே ஏறுதல். திருமால் செய்தது கீழே இறங்குதல். இரண்டும் பயன்படவில்லை. மேலும் கீழும் முயன்று காண இயலாத பொருளுக்கு எஞ்சிய வழி ஒன்றே. அதனை நடுவில் வைத்துச் சூழ்ந்து வருதல். அண்ணாமலையை வலம்வரும் அடியவன், தேவர் இருவர் முயன்று தோற்ற செயலைத் தான் முயலாது விடுகின்றான். முடியைக் காண வேண்டும் என்னும் விருப்பத்தை விடுதலே அங்கு வழிபாடு.

வலம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. அது வலப்பக்கத்தையும் வெற்றியையும் குறிக்கும். மதிப்புக்குரியாரை வலப்பக்கத்தில் வைத்துக் கொள்ளுதல் பண்டைய மரியாதை. மலையைத் தன் வலத்தில் வைத்து நடப்பவன், நடக்கும் நேரம் முழுவதும் அம்மரியாதையைச் செய்துகொண்டிருக்கின்றான். ஏறுபவன் உச்சியில் ஒரு கணம் தெய்வத்தைக் காண்கின்றான். சூழ்பவனுக்கோ தெய்வம் எப்போதும் ஒரே அளவு அணிமையில் இருக்கின்றது. அடையவேண்டிய முடிவிடம் என்று ஒன்று அவனுக்கு இல்லை; தொடங்கிய இடத்துக்கே அவன் திரும்பி வருகின்றான்.

அண்ணாமலையின் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் எண்டிசைக் காவலர் பெயரால் இந்திரலிங்கம், அக்கினிலிங்கம், யமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானலிங்கம் என எட்டு இலிங்கங்கள் உள. மலையைச் சூழ்பவன் எட்டுத் திசைகளையும் சூழ்கின்றான் என்பதே இவ்வமைப்பின் கருத்து. கோயிலின் பிராகாரத்தில் திசைக்கடவுளர் நிற்கும் முறையே இங்கு ஓர் ஊரளவாக விரிந்துள்ளது. மூர்த்தியின் இடத்தில் மலை நிற்கின்றது. பிராகாரத்தின் இடத்தில் இந்தப் பாதை நிற்கின்றது.

நடக்கும் முறைக்கும் விதிகள் உள. செருப்பணியாது நடத்தல் வேண்டும். மலையை ஒட்டிய பக்கத்திற் சித்தரும் தேவரும் கட்புலனாகாது நடப்பர் என்பது நம்பிக்கையாதலின், பாதையின் இடப்புறமாக நடத்தல் வேண்டும். விரைந்து நடத்தல் ஆகாது. நிறைமாதக் கருவுற்ற அரசி அடியெடுத்து வைப்பது போல மெல்ல நடத்தல் வேண்டும் என்பர். இவ்விதியின்படி நடப்பவனுக்கு நான்கைந்து மணி நேரமோ அதற்கு மேலோ செல்லும். இத்தனை முறை சுற்றினேன், இத்தனை நேரத்தில் முடித்தேன் என்று கணக்கிடுபவன் வழிபாட்டைப் பந்தயமாக மாற்றிக் கொள்கின்றான். விரைவைத் தடுக்கும் விதி அதனைத் தடுத்தற்கென்றே ஏற்பட்டது போலும். மதியப் பொழுதில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பார் காற்புண்ணும் வெப்பமயக்கமும் எய்துவராதலின், மாலையிலோ விடியற்கு முன்னரோ தொடங்குதலே நன்று. முழுமதி நாளில் இரவில் நடக்கும் வழக்கத்துக்கு நிலவொளியோடு இக்குளிர்ச்சியும் ஒரு காரணமாகலாம்.

மலையே திருமேனி என்பதற்கு மறுக்க இயலாத சான்று கோயில் வழக்கத்திலேயே உண்டு. ஆண்டில் இருமுறை, கார்த்திகைத் தீபத்தின் பின்னரும் தை மாதத்துத் திருவூடல் விழாவின் போதும், அண்ணாமலையாரின் உற்சவமூர்த்தியே மலையை வலம்வருகின்றார். தெய்வம் தன் வீட்டைச் சுற்றி வந்து வணங்குதல் பொருந்தாது. மலையும் தானும் ஒன்றாதலின், கோயிலிலுள்ள மூர்த்தி தன் முதல் வடிவுக்குச் செய்யும் வழிபாடாகவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

இக்கருத்து வழக்குமன்றம் வரையும் சென்றதுண்டு. மலை அரசுக்குரிய காடா, கோயிலுக்குரிய உடைமையா என்று வழக்கு எழுந்தபோது, 1938 ஆம் ஆண்டில் இரமண மகரிஷியிடம் சாட்சியம் பெறப்பட்டது. 1896 இல் அங்கு வந்து 1950 இல் மறையும் வரையும் அவ்வூரை விட்டு நீங்காதிருந்தவர் அவர். ஈசுவரனே மலைவடிவாய் இருக்கின்றான் என்பதே அவருடைய சாட்சியத்தின் சாரம். மலை திருமேனியாயின் அதனை வெறும் நிலமாகக் கருதி உரிமை கொண்டாடுதல் இயலாது என்பது அதனாற் பெறப்பட்டது. நூல்களிற் கிடந்த கொள்கை ஒன்று நில உரிமையைத் தீர்மானிக்கும் வாதமாக வந்து நின்றமை இதனாற் புலனாகும்.

தீபமும் பரிகாரமும்

அங்ஙனமாயின், கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையின் உச்சியில் மக்கள் ஏறுவது எங்ஙனம் என்று ஒருவர் வினவலாம். வினா தக்கதே. அந்நாள் மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குள் வெளிப்பட்டுச் சில கணம் காட்சி தருவார். அப்பொழுதே கீழிருந்து அடையாளம் காட்டப்பட்டு, 2,668 அடி உயர்ந்த உச்சியிற் பெரிய செப்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படும். கொப்பரையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரியும் மனிதர் தோள்களிலேயே மேலே செல்கின்றன. பதினொரு நாள் அச்சுடர் எரியும். மலை ஆதியில் ஒளிப்பிழம்பாய் இருந்தது என்னும் கதையை அந்நாளில் ஊரார் யாவரும் கண்ணாற் காண்கின்றனர். ஆகவே அந்த ஏற்றம் உச்சியை அடைதற்கன்று. மலைக்கு அதன் பழைய வடிவை நினைவூட்டுதற்கே.

ஆயினும் திருமேனியை மிதித்த குற்றம் குற்றமே என்று கோயிலார் கருதினர். அதனால் விழா முடிந்தபின், அடியவர் கால் பட்ட மலைக்குப் பிராயச்சித்த பூசை செய்யப்படுகின்றது. பழனியில் ஏறியவர்க்காக எவரும் இங்ஙனம் பரிகாரம் செய்வதில்லை. இருவகை மலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவார்க்கு இவ்வொரு பூசையே போதிய அளவுகோலாகும்.

2024 ஆம் ஆண்டில் இயற்கையும் இவ்விதிக்குத் துணைநின்றது. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி பெருமழையால் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மண் இளகியிருந்தமையை ஆராய்ந்த வல்லுநரின் கருத்தைக் கேட்ட அரசு, அவ்வாண்டுத் தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேறுதலைத் தடுத்தது. கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்லும் பணியாளர் மட்டும் ஏறினர். ஏனையோர் கீழே நின்று தீபத்தைக் கண்டனர். பெருந்தொகையினர் மழைக்காலத்திற் சரிவை மிதிப்பின் விளைவது யாது என்பது அவ்வாண்டில் யாவர்க்கும் விளங்கிற்று.

எனினும் மலையின்மீது கால்படுதலை இவ்வழக்கம் முழுவதும் விலக்கியதென்று கூறலாகாது. இரமணர் 1899 முதல் 1922 வரையும் அம்மலைச் சரிவிலுள்ள விருபாட்சக் குகையிலும் கந்தாச்சிரமத்திலும் உறைந்தார். தாயின் மடியிற் குழந்தை கிடத்தல் தாயை மிதித்தல் ஆகாதவாறு போல, அங்கு உறைவார்க்கும் வென்று காட்ட ஏறுவார்க்கும் மரபு வேறுபாடு கண்டது.

தலையால் நடந்த அம்மை

இருப்பிடமும் திருமேனியும் ஆகிய இரு கருத்தும் ஒருங்கே சேர்ந்த மலைகளில் அடியவர்க்குப் பெரும் இடர்ப்பாடு நேர்கின்றது. திருவேங்கடத்தின் உச்சியிற் பெருமாள் நிற்கின்றார். ஆகவே ஏறுதல் வேண்டும். மலையோ ஆதிசேடனின் உடம்பு. ஆகவே மிதித்தல் ஆகாது. இராமாநுசர் அம்மலையிற் காலால் நடவாது முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. அவர் கொண்ட வழி இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு தீர்வாகும்.

இதனினும் வியத்தகு தீர்வைப் பெரியபுராணம் கூறுகின்றது. பேயுருவைப் பெற்ற காரைக்காலம்மையார் கயிலாயத்தை அடைந்தபோது, இறைவன் உறையும் மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து சென்றார். எலும்புருவாகித் தலையால் வரும் இவர் யார் என்று உமையம்மையார் வினவ, நம்மைப் பேணும் அம்மை என்று சிவபெருமான் கூறினார். ஏறவும் வேண்டும், மிதிக்கவும் கூடாது என்னும் முரணை அம்மையார் தம் உடம்பையே தலைகீழாக்கித் தீர்த்துக்கொண்டார். அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டைத் தம் காலால் மிதித்தற்குத் திருஞானசம்பந்தர் அஞ்சினார் என்றும் அந்நூல் கூறும். அடியார் உடம்பு தீண்டிய நிலமும் தெய்வத்தன்மை பெற்றுவிட்டது.

திருநாவுக்கரசரின் வரலாறு மற்றொரு முடிவைக் காட்டுகின்றது. கயிலையைக் காணப் புறப்பட்ட அவருக்குக் கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், பின் புரண்டு சென்றார். இவ்வுடம்போடு அங்கே செல்லுதல் அரிது என்று முனிவர் வடிவில் வந்த இறைவன் தடுத்தும் மீள உடன்படவில்லை. பின் இறைவன் கட்டளைப்படி ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். சென்று அடைய இயலாத மலை அடியவனிடம் வந்தது. திருகோணமலை தட்சிணகயிலாயம் என்று போற்றப்படுதலையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும். மலை ஒரே இடத்தில் உளது. கயிலாயம் என்னும் தன்மையோ வேண்டுவார் இடத்துக்கெல்லாம் வரவல்லது.

கயிலையை இன்றும் ஒருவரும் ஏறுவதில்லை

21,778 அடி உயர்ந்த கயிலைமலை திபெத்தில் உளது. சைவரும் பௌத்தரும் சமணரும் அதனை வலமாகச் சூழ்வர். திபெத்தின் பழைய சமயமாகிய போன் நெறியினர் இடமாகச் சூழ்வர். சூழும் திசை வேறாயினும் உச்சி எவர்க்கும் உரியதன்று என்பதில் யாவரும் ஒன்றுபட்டுள்ளனர். பாதை ஏறத்தாழ 52 கிலோமீற்றர். பெரும்பாலோர் மூன்று நாளில் முடிப்பர். 2020 முதல் தடைப்பட்டிருந்த இந்திய யாத்திரை 2025 இல் மீண்டும் தொடங்கிற்று.

வலம்வருதல் எளிது என்னும் எண்ணம் இங்கே பொய்யாகின்றது. இரண்டாம் நாளிற் கடக்கும் தோல்மா கணவாய் ஏறத்தாழ 18,500 அடி உயரத்தில் உளது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி கடற்கரையிற் கிடைப்பதன் பாதியளவே. தலைவலியும் குமட்டலும் தோன்றின், உடம்பு அவ்வுயரத்துக்கு இன்னும் பழகவில்லை என்று அறிந்து மேலே செல்லாது தங்குதல் வேண்டும். நேராக நடக்க இயலாது தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுதல் என்பன தோன்றின், அவை உயிர்க்கு இறுதி பயக்கும் குறிகள். அப்பொழுது உடனே தாழ்ந்த இடத்துக்கு இறங்குதலே முதன்மையான மருந்து. இடையில் மீண்டால் வழிபாடு குறைபட்டுவிடும் என்று அஞ்சி அக்குறிகளை மறைப்பாரும் உளர். அவர் நாவுக்கரசரின் வரலாற்றை மறந்தவராவர். அவரையும் இறைவன் மீளும்படியே பணித்தான். மீண்டவர்க்கே காட்சியும் கிடைத்தது.

மலையின் உச்சியை விட்டுவைத்தல் என்னும் இக்கருத்தை மலையேறுவோரும் மதித்ததுண்டு. 1955 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள், உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய காஞ்சன்சங்காவில் முதன்முதலாக ஏறிய ஆங்கிலேயர் இருவரும் உச்சிக்குச் சில அடி தாழ்விலேயே நின்றுவிட்டனர். சிக்கிம் மக்கள் அம்மலையைத் தெய்வமாக வழிபடுதலின், உச்சியை மிதிப்பதில்லை என்று முன்னரே வாக்களிக்கப்பட்டிருந்தது. அதன்பின் ஏறியோர் பலரும் அவ்வழக்கத்தைப் பின்பற்றினர். மேலே செல்லும் வலிமை இருந்தும் செல்லாது நின்ற அச்சில அடிகளை, அவர்கள் செய்த வழிபாடு என்றே கூறலாம்.

இவற்றால் அறியக் கிடப்பது ஒன்றே. ஏறுதலும் வலம்வருதலும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், இரண்டிலும் அடியவன் விட்டுக்கொடுப்பது ஒரே பொருளாகும். ஏறுபவன் தன் வலிமையைப் படிகளில் இழந்து, உச்சியில் ஓர் அடிக்கீழ்த் தலைவணங்குகின்றான். சூழ்பவன் உச்சி தனக்கு வேண்டும் என்னும் விருப்பத்தையே அடிவாரத்தில் விட்டுவிடுகின்றான். இம்மலையில் எதனை இழக்க வந்தோம் என்பதை அறிந்தவனுக்கு, ஏறவேண்டிய இடத்தில் ஏறவும் சூழவேண்டிய இடத்திற் சூழவும் வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.